பரமானம் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகள்: எப்போது தீர்வில்லை, எப்போது ஒரே தீர்வு, எப்போது எண்ணற்ற தீர்வுகள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர், "k இன் எப்பெறுமானங்களுக்கு" என்று தொடங்கும் கணக்குகளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தர வகுப்புகளில் மாணவர்கள் மிகுதியாகக் கேட்பது இதுவேயாகையால் இதையே முதலில் வைக்கிறேன். இரண்டு சமன்பாடுகளாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும், மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், இறுதியில் பெரும்பாலும் ஒரே மாறி மட்டும் எஞ்சிய பின்வரும் வடிவத்துக்கு வந்து சேருவோம்:

```
p·z = q
```

இங்கு p, q ஆகிய இரண்டும் k ஐக் கொண்ட கோவைகளாக இருக்கலாம். p பூச்சியம் அல்லவெனில் p ஆல் வகுக்கலாம். z க்கு ஒரே ஒரு பெறுமானம் கிடைக்கும். p பூச்சியமாகவும் q பூச்சியமல்லாததாகவும் இருந்தால், எந்த z ஐப் பிரதியிட்டாலும் இடப்பக்கம் பூச்சியமாகவே இருப்பதால் சமன்பாடு பொய்யாகும்; தொகுதிக்குத் தீர்வு இல்லை. p, q இரண்டும் பூச்சியமாயின் 0 = 0 என்ற உண்மை மட்டுமே எஞ்சும்; z எதுவாகவும் இருக்கலாம் என்பதால் தீர்வுகள் எண்ணற்றவை. கணக்கின் நீளம் முழுவதும் இந்த p, q களைப் பிழையின்றிக் கண்டுபிடிப்பதற்குத்தான் செலவாகிறது. மாணவர் பலர் p = 0 என்பதைத் தீர்த்து k ஐக் கண்டவுடன் நின்றுவிடுகிறார்கள். அதுவரை செய்தது ஒரே தீர்வு எங்கே தவறிப்போகிறது என்பதைக் கண்டுபிடித்தது மட்டுமே. அந்த இடத்தில் தீர்வு இல்லையா, எண்ணற்றவையா என்பதை q தான் சொல்லும்.

மூன்று மாறிகள் உள்ள ஒரு கணக்கை முழுவதுமாகச் செய்து காட்டுவீர்களா?

பின்வரும் தொகுதியை எடுத்துக்கொள்வோம்.

```
x +  y +  z = 2    (1)
x + 2y + kz = 3    (2)
x + ky + 5z = 4    (3)
```

x இன் குணகம் மூன்றிலும் 1 ஆக இருப்பது நமக்கு வசதி. (2) இலிருந்தும் (3) இலிருந்தும் (1) ஐக் கழித்தால் x நீங்குகிறது:

```
     y + (k−1)z = 1    (4)
(k−1)y +     4z = 2    (5)
```

இனி y ஐ நீக்க வேண்டும். (4) இல் y இன் குணகம் 1 என்பதால், (4) ஐ (k−1) மடங்காக்கி (5) இலிருந்து கழிப்பது பாதுகாப்பான வழியாகும். இடப்பக்கத்தில் z இன் குணகம் 4 − (k−1)² ஆகும். இது இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்பதால், விரிக்காமலே (3−k)(k+1) எனக் காரணிப்படுத்தலாம். வலப்பக்கம் 2 − (k−1) = 3−k ஆகும். ஆகவே:

```
(3−k)(k+1)z = 3−k    (6)
```

இங்கு p பூச்சியமாவது k = 3 இலும் k = −1 இலும் மட்டுமே. k இந்த இரண்டில் எதுவும் அல்லவெனில் z = 1/(k+1) என்றும், (4) இலிருந்து y = 2/(k+1) என்றும், (1) இலிருந்து x = (2k−1)/(k+1) என்றும் ஒரே தீர்வு கிடைக்கும். k = 0 எனப் பிரதியிட்டுச் சரிபார்த்தால் x = −1, y = 2, z = 1 ஆகும்; மூன்று சமன்பாடுகளும் பொருந்துவதை மனத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

k = −1 ஆகும்போது (6) ஆனது 0 = 4 என்றாகிறது; தீர்வு இல்லை. k = 3 ஆகும்போது (6) ஆனது 0 = 0 ஆகிறது. z = t என எடுத்தால், (4) இலிருந்து y = 1 − 2t என்றும், (1) இலிருந்து x = 1 + t என்றும் வரும்; t எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். "எண்ணற்ற தீர்வுகள் உண்டு" என்று எழுதி நிறுத்தாமல் இவ்வாறு t இன் மூலம் பொதுத் தீர்வையும் எழுதிவிடுவது நல்லது. வினா அதைக் கேட்காவிட்டாலும், (2) இலும் (3) இலும் அதைப் பிரதியிட்டு உங்கள் வேலையை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

சமன்பாடு (6) இல் இரு பக்கமும் (3−k) இருக்கிறதே, வெட்டிவிட்டால் என்ன?

வெட்டினால் (k+1)z = 1 என்று எஞ்சும். அதைப் பார்த்து k = 3 இலும் ஒரே தீர்வு உண்டென்று முடிவு செய்வீர்கள். வெட்டுவது என்பது (3−k) ஆல் வகுப்பதே; k = 3 ஆகும்போது அது பூச்சியத்தால் வகுத்ததாகிவிடும்.

இந்தப் பிழை எளிதில் அகப்படாது என்பதே அதன் தொல்லை. ஒரே தீர்வுக்கான சூத்திரத்தில் k = 3 எனப் போட்டால் x = 5/4, y = 1/2, z = 1/4 வரும்; பிரதியிட்டுப் பார்த்தால் மூன்று சமன்பாடுகளும் பொருந்தும்! ஏனெனில் அது t = 1/4 ஆகும்போது கிடைக்கும் தீர்வாகும். எண்ணற்ற தீர்வுகளுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதுவே ஒரே தீர்வு என்று நினைத்துவிடுகிறோம். பிரதியிட்டுச் சோதிப்பது ஒரு விடை சரியானதா என்பதைச் சொல்லுமே தவிர, வேறு விடைகள் இல்லை என்பதைச் சொல்லாது.

k = −1 இன் நிலை வேறு. k அதை நெருங்க நெருங்கச் சூத்திரமே எச்சரிக்கும். k = −0.99 எனில் z = 100, y = 200, x = −298 ஆகும்; இன்னும் நெருங்கினால் இவை இன்னும் பெரிதாகி, k = −1 இல் தீர்வே இல்லாமல் போகிறது. k = 3 ஐ நெருங்கும்போது அப்படி எதுவும் நிகழாது. ஆகையால் இறுதிச் சூத்திரத்தின் பகுதியைப் பார்த்து விதிவிலக்கான k களைத் தேடுவது போதாது. சுருக்குவதற்கு முன்னைய p யில்தான் தேட வேண்டும்.

வகுக்கக் கூடாது என்று விளங்கிவிட்டது. k ஆல் பெருக்கலாமா?

ஒரு சமன்பாட்டின் k மடங்கை இன்னொரு சமன்பாட்டுடன் கூட்டவோ அதிலிருந்து கழிக்கவோ தாராளமாகச் செய்யலாம். k பூச்சியமானாலும் அச்செய்கை எதையும் கெடுக்காது, ஏனெனில் அதை மறுபடி எதிர்த்திசையில் செய்து பழைய சமன்பாட்டை மீட்டுவிடலாம். ஆனால் மாற்றப்படும் சமன்பாட்டையே k ஆல் பெருக்கினால், k = 0 இல் அந்தச் சமன்பாடு சொன்ன செய்தி முழுவதும் அழிந்துவிடும். வகுத்தலைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே ஓர் உதாரணம் தருகிறேன்.

```
kx +  y = 2    (1)
3x + 2y = 7    (2)
```

(2) ஐ k ஆலும் (1) ஐ 3 ஆலும் பெருக்கிக் கழித்தால் (2k−3)y = 7k−6 வரும். இந்தப் புதிய சமன்பாட்டை (2) க்குப் பதிலாக எழுதி, (1) ஐ மட்டும் அதனுடன் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கொள்வோம். k = 0 எனில் புதியது −3y = −6, அதாவது y = 2 என்கிறது; (1) உம் y = 2 என்றே கூறுகிறது. x எங்கும் இல்லை. ஆகவே எண்ணற்ற தீர்வுகள் என்ற முடிவு வரும். ஆனால் மூலத் தொகுதியில் k = 0 எனப் போட்டால் y = 2, 3x = 3 ஆகையால் x = 1 என்ற ஒரே தீர்வுதான் உண்டு. அழிந்துபோன (2) தான் x ஐச் சொல்லிக்கொண்டிருந்தது.

தீர்வு எளிது: x இன் குணகம் வெறும் எண்ணாக இருக்கும் சமன்பாட்டை, இங்கு (2) ஐ, மேலே கொண்டுவந்து வைத்து, அதன் k/3 மடங்கை மற்றையதிலிருந்து கழியுங்கள். அப்போது k = 3/2 ஒன்றே விதிவிலக்கு என்றும், அங்கே 3x + 2y = 4, 3x + 2y = 7 என்ற முரண்பாடு எழுவதால் தீர்வில்லை என்றும் தெளிவாகும். எல்லாச் சமன்பாடுகளிலும் முதற்குணகம் k ஐக் கொண்டிருந்தால், வேறொரு மாறியிலிருந்து நீக்கலைத் தொடங்கலாம்; அதுவும் இயலாதபோது k = 0 ஐத் தனிச் சந்தர்ப்பமாக எடுத்து மூலச் சமன்பாடுகளிலேயே பிரதியிட்டுப் பார்க்க வேண்டும்.

சாதாரணதரத்தில் குணகங்களின் விகிதங்களை ஒப்பிடச் சொல்லித் தந்தார்கள். அது இங்கு சரிவருமா?

குணகங்கள் எவையும் பூச்சியமாகாத வரை சரிவரும். k உள்ள இடத்தில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

```
 kx + 3y = 6
2kx + 5y = 11
```

x இன் குணகங்களின் விகிதம் k/2k. அதை 1/2 எனச் சுருக்கினால், y இன் விகிதமான 3/5 உடன் ஒருபோதும் சமனாகாது. எனவே எல்லா k க்கும் ஒரே தீர்வு என்று எழுதுவீர்கள். ஆனால் k = 0 இல் 3y = 6, 5y = 11 என இரு சமன்பாடுகளும் y க்கு வெவ்வேறு பெறுமானங்களைக் கேட்கின்றன; தீர்வு இல்லை. விகிதங்களுக்குப் பதிலாகக் குறுக்குப் பெருக்கத்தின் வித்தியாசத்தை, அதாவது 5k − 6k = −k ஐப் பாருங்கள்; k = 0 ஐ அது தானாகவே காட்டிக்கொடுக்கும். 11 ஐ 10 ஆக மாற்றினால், அதே k = 0 இல் y = 2 ஆகவும் x எதுவாகவும் இருக்கும் எண்ணற்ற தீர்வுகள் கிடைக்கும்.

துணிகோவை முறையில் Δ, Δx, Δy, Δz நான்கும் பூச்சியமானால் எண்ணற்ற தீர்வுகள் என்று குறிப்பில் இருக்கிறது. அதை நம்பலாமா?

நம்ப வேண்டாம். இங்கு Δ என்பது குணகங்களின் துணிகோவை; அதில் x, y, z இன் நிரலுக்குப் பதிலாக வலப்பக்க எண்களை வைத்தால் முறையே Δx, Δy, Δz கிடைக்கும். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் கேப்ரியல் கிராமர் 1750 இல் வெளியிட்ட விதி, Δ பூச்சியமல்லாதபோது ஒரே தீர்வைத் தருவதற்கானது. Δ பூச்சியமாகும்போது என்ன நிகழும் என்பதைப் பின்னால் வந்த குறிப்புகள் சேர்த்துக்கொண்டபோது, இரு மாறிகளுக்குச் சரியான ஒன்று மூன்று மாறிகளுக்கும் நீட்டப்பட்டுவிட்டது.

Δ = 0 ஆகவும் மற்றைய மூன்றில் ஒன்றாவது பூச்சியமல்லாததாகவும் இருந்தால் தீர்வு இல்லை என்பது எப்போதும் சரியே; ஏனெனில் தீர்வு ஒன்று இருந்தால் Δ·x = Δx முதலியவை கட்டாயம் உண்மையாக வேண்டும். நான்கும் பூச்சியமாகும்போதோ அந்தச் சமன்பாடுகள் 0 = 0 என்று சொல்லிவிட்டு வாய்மூடிக்கொள்கின்றன. இதைப் பாருங்கள்:

```
kx +  y +  z = 1
 x + ky +  z = 2
 x +  y + kz = 3
```

இதன் Δ = (k−1)²(k+2) ஆகும். k = 1 எனில் குணகங்கள் அனைத்தும் 1; நான்கு துணிகோவைகளிலும் குறைந்தது இரண்டு நிரல்கள் ஒத்திருப்பதால் நான்கும் பூச்சியம். ஆனால் தொகுதியோ x+y+z என்ற ஒரே கூட்டுத்தொகை 1 உம், 2 உம், 3 உம் ஆக வேண்டும் என்கிறது. k = −2 இலும் நிலைமை நல்லதல்ல: மூன்றையும் கூட்டினால் (k+2)(x+y+z) = 6 வருவதால், அங்கே 0 = 6 என்றாகிறது. ஆகவே இந்தத் தொகுதிக்கு எண்ணற்ற தீர்வுகள் தரும் k ஒன்றும் இல்லை. வினாவில் மூன்று நிலைகளும் குறிப்பிடப்பட்டிருப்பதாலேயே மூன்றும் நிகழ்ந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

என் வழக்கம் இதுதான்: ஒரே தீர்வு தவறும் k களைக் கண்டுபிடிக்க மட்டும் Δ ஐப் பயன்படுத்துவேன், அதன்பின் ஒவ்வொரு k ஐயும் மூலச் சமன்பாடுகளில் பிரதியிட்டு, எண்களாகவே நீக்கல் செய்வேன். அப்போது k இல்லாத எளிய தொகுதி கிடைப்பதால் பிழைக்கு இடமும் குறைவு.

தீர்வு இல்லை என்றால் தளங்கள் சமாந்தரம் என்றுதானே அர்த்தம்?

இரு மாறிகளில், வெட்டாத இரு கோடுகள் சமாந்தரமானவையே. மூன்று மாறிகளில் அவ்வாறு முடிவு செய்ய முடியாது. மேலே முழுவதுமாகச் செய்த தொகுதியில் k = −1 எனப் போட்டால் மூன்று தளங்களும் இவை:

```
x +  y +  z = 2
x + 2y −  z = 3
x −  y + 5z = 4
```

எந்த இரு சமன்பாடுகளின் குணகங்களும் ஒன்றுக்கொன்று மடங்காக இல்லை. ஆகவே எந்த இரு தளங்களை எடுத்தாலும் அவை ஒரு கோட்டில் வெட்டுகின்றன. ஆனால் அவ்வாறு கிடைக்கும் மூன்று வெட்டுக் கோடுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகச் செல்வதால், முப்பக்க அரியத்தின் மூன்று பக்கங்களைப் போல் தளங்கள் நிற்கின்றன. மூன்றுக்கும் பொதுவான புள்ளி இல்லை. முதலாவதின் 3 மடங்கை, மூன்றாவதும் இரண்டாவதின் 2 மடங்கும் சேர்ந்த கூட்டுத்தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள்: இடப்பக்கம் முழுவதும் மறைந்து 0 = 4 எஞ்சும். k = 3 இல் மூன்று தளங்களும் ஒரே கோட்டின் வழியே செல்கின்றன; அந்தக் கோடே t இன் மூலம் எழுதிய பொதுத் தீர்வு. முந்திய வினாவின் தொகுதியில் k = 1 ஆகும்போது மட்டுமே தளங்கள் உண்மையாகச் சமாந்தரமாகின்றன.

இதை நடைமுறைக் கணக்கு ஒன்றில் காட்ட முடியுமா?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் ஒருவர் முதல்நாள் 2 மூடை சம்பாவும் 3 மூடை நாட்டரிசியும் 54,000 ரூபாவுக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். மறுநாள் 4 மூடை சம்பாவும் k மூடை நாட்டரிசியும் B ரூபாவுக்கு வாங்குகிறார். மூடை விலைகள் முறையே s, n எனவும், இரு நாளும் அவை மாறவில்லை எனவும் எடுத்தால், முதற் சமன்பாட்டை இரட்டித்து மற்றையதிலிருந்து கழிக்க (k−6)n = B − 108000 கிடைக்கும்.

k = 6 ஆகவும் B = 108,000 ஆகவும் இருந்தால், இரண்டாம் பற்றுச்சீட்டு முதலாவதின் இரட்டிப்பே; புதிதாக எதையும் அது சொல்லவில்லை, விலைகளைப் பிரித்தறிய முடியாது. k = 6 ஆகவும் B = 100,000 ஆகவும் இருந்தால் தீர்வே இல்லை. கணிதம் அங்கே சொல்வது, இரு நாளும் விலை மாறவில்லை என்ற நம் எடுகோள் தவறு என்பதாகும். அதிகம் வாங்கியதற்குக் கழிவு கொடுத்திருக்கலாம், அல்லது சீட்டில் எண் பிழைத்திருக்கலாம். k = 5, B = 98,000 எனில் n = 10,000, s = 12,000 என ஒரே தீர்வு வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். k = 5, B = 118,000 எனில் n = −10,000 வருகிறது. சமன்பாட்டுத் தொகுதி என்ற அளவில் அதற்கு ஒரே தீர்வு உண்டு. அந்தத் தீர்வு விலையாக இருக்க முடியாது என்பது வேறு விடயம். இத்தகைய கணக்கில் இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாக எழுத வேண்டும்.

k உடன் இன்னொரு பரமானமும் வந்தால் என்ன செய்வது?

முழுவதுமாகச் செய்த தொகுதியில் (3) இன் வலப்பக்கத்தை 4 க்குப் பதிலாக m என வையுங்கள். இடப்பக்கம் மாறாததால் அதே படிகளே மீண்டும் வரும்; (6) மட்டும் (3−k)(k+1)z = m − k − 1 என மாறும். ஒரே தீர்வு உண்டா என்பதை k மட்டுமே தீர்மானிக்கிறது. m அதில் தலையிடுவதில்லை. k = 3 எனில் m = 4 ஆகும்போது மட்டும் எண்ணற்ற தீர்வுகள், மற்றைய எல்லா m க்கும் தீர்வில்லை. k = −1 எனில் m = 0 ஆகும்போது எண்ணற்ற தீர்வுகள், அல்லாதபோது தீர்வில்லை. விடையை எழுதும்போது k இன்படி முதலில் பிரித்து, அதனுள் m இன்படி பிரியுங்கள். தலைகீழாகப் பிரித்தால் அதே விடை சிதறிப்போய், ஒரு சந்தர்ப்பமாவது விடுபட்டுவிடும்.

வலப்பக்கம் எல்லாம் பூச்சியமாக இருந்தால்?

x = y = z = 0 எப்போதும் பொருந்துவதால் "தீர்வில்லை" என்ற நிலை எழாது. Δ பூச்சியமல்லாத k களுக்கு அது ஒன்றே தீர்வு; Δ = 0 ஆகும் ஒவ்வொரு k க்கும் தீர்வுகள் எண்ணற்றவை. வலப்பக்கத்தைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதால், இந்த வகை வினாவில் மட்டும் Δ = 0 ஐத் தீர்த்ததோடு நிறுத்திவிடலாம்.